கேட்டாள், கெட்டாள்: அப்பரின் ஒரு பாட்டும் அதன் இரண்டு அடுக்குகளும்

கடவுளைக் காதலனாக வைத்துப் பாடும் பாடல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஆண்டாளில் தொடங்கி நம்மாழ்வாரில் முடிந்துவிடும். சைவத்தில் அப்படி என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரே ஒரு பாட்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பர் (திருநாவுக்கரசர்) திருவாரூரில் பாடியது. ஆறாம் திருமுறையில் 25ஆம் பதிகம், அதில் ஏழாவது பாட்டு. கோவில்களில் ஓதுவார்கள் அடிக்கடி பாடுவது என்பதால் உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள்.

பாட்டை என் வார்த்தைகளில் கதையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண். முதலில் ஒருவனுடைய பெயர் அவள் காதில் விழுகிறது. அப்புறம் அவன் எப்படி இருப்பான் என்று கேட்கிறாள். அவன் ஊர் ஆரூர் என்று தெரிந்துகொள்கிறாள். அவன்மேல் பித்துப் பிடிக்கிறது. பெற்றவர்கள் இருவரையும் அன்றைக்கே விடுகிறாள். ஊர் உலகத்தின் ஒழுங்குமுறைகளை விட்டு விலகுகிறாள். தன்னையே மறக்கிறாள், தன் பெயரையும் இழக்கிறாள். கடைசியில் தலைவனின் திருவடியை அடைகிறாள். அவ்வளவுதான். உவமை கிடையாது, வர்ணனை கிடையாது. நான்கு அடிகளில் ஒன்பது வினைமுற்றுகள், அத்தனையும் நடந்து முடிந்தவை.

மேல் அடுக்கு: ஒரு காதல் கதை

முதலில் இதைச் சாமி பாட்டு என்பதை மறந்துவிட்டுப் படிப்போம். அப்போது இது அச்சு அசலான அகப்பாட்டு. ஒரு பெண் காதல் வயப்பட்டு வீட்டை விட்டுப் போவது சங்க இலக்கியத்தில் உடன்போக்கு எனப்படும். மகள் போனபின் வீட்டில் இருந்து புலம்புவது நற்றாயும் செவிலித்தாயும். அப்பர் பாட்டிலும் "அவள்" என்று மூன்றாம் ஆளாக யாரோ சொல்கிறார்கள். அது தாயா, தோழியா, பக்கத்து வீட்டுக்காரியா என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் முதலில் நடந்தது என்ன, அடுத்து நடந்தது என்ன என்று வரிசைப்படுத்தும் அந்தத் தொனி, பெண் போனபிறகு வாசலில் உட்கார்ந்து "எங்கே ஆரம்பிச்சுது இது?" என்று யோசிப்பவர்களின் தொனி.

"தலைவன்" என்ற சொல்லையும் கவனிக்கணும். அகத்தில் காதலனுக்குப் பெயரே அதுதான். பக்தியில் ஆண்டவனுக்கும் அதே சொல். அப்பர் அதைப் பாட்டின் கடைசியில் மட்டும்தான் வைக்கிறார். அந்த ஒரு சொல்லில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

அகத்தின் இன்னொரு விதி, காதலர்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது. தொல்காப்பியம் அகத்திணையியலில் இது இருக்கிறது. பெயர் சொன்னால் அது குறிப்பிட்ட ஒரு ஆளின் கதையாகிவிடும், எல்லோருடைய கதையாக இருக்காது. அப்பர் இந்த விதியின் விளிம்பிலேயே நடக்கிறார். அவன் பெயர் அவள் காதில் விழுந்தது என்கிறார், அது என்ன பெயர் என்று சொல்வதில்லை. ஊரை மட்டும் சொல்லிவிடுகிறார். ஆரூர் என்றதும் கேட்பவனுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கதை எங்கே இடறுகிறது?

இரண்டு அடுக்கு உள்ள பாட்டில், மேல் அடுக்கு எந்த இடத்தில் சரியாகப் பொருந்தவில்லையோ அங்கேதான் கீழ் அடுக்குக்கு வாசல் இருக்கும். இது நான் பல பாட்டுகளில் சோதித்துப் பார்த்த வழி. இந்தப் பாட்டில் அப்படி இரண்டு இடங்கள்.

ஒன்று, அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அகத்தில் காதல் கண்ணில் தொடங்கும். தலைவனும் தலைவியும் எதிர்ப்பட்டுக் கொள்வதை இலக்கணம் "காட்சி" என்றே சொல்கிறது. இங்கே மூன்று முறையும் காதுதான். கேட்டாள், கேட்டாள், கேட்டாள். தமிழில் கேட்பது என்றால் செவியில் விழுவதும்தான், வினவுவதும்தான். முதல் கேட்டாளில் பெயர் தானாக வந்து காதில் விழுகிறது. இரண்டாவதில் "அவன் எப்படி இருப்பான்?" என்று அவளே விசாரிக்கிறாள். மூன்றாவதில் "எந்த ஊர்?" சொல் மாறவே இல்லை, அவள் மாறிவிட்டாள்.

இரண்டாவது, அவன் வரவே இல்லை. உடன்போக்கு என்றால் அவனும் கூட வரணும், அதனால்தான் "உடன்". இந்தப் பெண் தனியாகவே போகிறாள். ஒன்பது வினைகளும் அவளுடையவை. அவனுக்கு ஒரு வினைகூடக் கிடையாது. வெறும் காதல் கதையாகப் பார்த்தால் இது விசித்திரம்: ஒருவன் பேரைக் கேட்டே வீட்டை விட்டுப் போய்விடுவாளா?

கீழ் அடுக்கு: உயிரின் பயணம்

இப்போது அந்தப் பெண்ணை உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடறல்களும் நேராகிவிடும். உயிருக்கு இறைவன் கண்ணில் படும் பொருள் அல்ல, யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். சைவ சித்தாந்த நூல்கள் ஞானத்துக்கு நான்கு படிகள் சொல்கின்றன: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை. முதல் படி காதில்தான் இருக்கிறது. பெயர், வடிவம், ஊர் என்ற வரிசையும் பொருத்தமே. முதலில் நாமம், அது மனதில் உருவமாகிறது, அப்புறம் கால் நடக்க ஒரு தலம். அவன் ஏன் வரவில்லை என்றால், ஏற்கெனவே எங்கும் இருப்பவன் வருவதற்கு இடம் ஏது? நகரவேண்டியது இவள்தான்.

பாட்டின் உயிர்நாடி இதற்கு அடுத்து வருகிறது. முதல் அடியில் அவன் நாமத்தைக் கேட்டாள். கடைசி அடியில் தன் நாமம் கெட்டாள். கேட்டாள், கெட்டாள்: ஒரு நெடில் குறிலாகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் பெயர் உள்ளே வந்தது, இவள் பெயர் வெளியே போனது. நடுவில் உள்ளதெல்லாம் அந்த இடமாற்றத்துக்கு ஆன செலவு. மேல் அடுக்கில் "பேர் கெட்டுப்போச்சு" என்றால் ஊர் தூற்றும் பழி. கீழ் அடுக்கில் "நான் இன்னார்" என்ற எண்ணம் அழிவது. ஒரே சொல்தான், ஒரு அடுக்கில் அவமானம், இன்னொன்றில் விடுதலை.

பாட்டின் வேகத்தையும் எண்ணிப் பார்க்கலாம். முதல் மூன்று அடிகளில் அடிக்கு இரண்டு வினைகள். கடைசி அடியில் மட்டும் மூன்று. போகப் போக ஓட்டம் கூடுகிறது. பெரும்பாலும் வினை கடைசியில் வருகிறது, இரண்டே இடங்களில் முன்னால் பாய்கிறது: உலகத்தின் ஆசாரத்தை விட்டு அகலும் இடத்திலும், தலைவனைச் சேரும் இடத்திலும். விடும்போதும் அடையும்போதும் செயல் முந்திக்கொள்கிறது.

சேர்வதற்கு அவர் போட்ட சொல் "தலைப்பட்டாள்". திருக்குறளில் இதே சொல் இரண்டு எதிரெதிர் இடங்களில் வருகிறது. துறவு அதிகாரத்தில் (348) முற்றத் துறந்து வீடு அடைந்தவர்களைப் பற்றி. காமத்துப்பாலில் (1289) காதலின் பக்குவத்தை அடையும் சிலரைப் பற்றி. துறவுக்கும் காதலுக்கும் பொதுவாக ஏற்கெனவே தமிழில் இருந்த சொல் அது.

தலைப்பட்டது எதை? தாளை, அதாவது திருவடியை. பிற்காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் இறைவனும் உயிரும் கூடுவதை விளக்க இலக்கணத்தையே உவமையாக எடுத்தார். தாள் + தலை = தாடலை. சேர்ந்தபின் "ள்"ளும் இல்லை, "த"வும் இல்லை, "ட" மட்டும் கேட்கிறது. ஒன்றாகிவிட்டது, ஆனாலும் இரண்டு சொல்தான். தலை தாளாக மாறவில்லை, தாளின் கீழ் அடங்கியிருக்கிறது. அப்பர் இதை நினைத்துத்தான் பாடினார் என்று சொல்ல முடியாது, இருவருக்கும் நடுவில் சுமார் 700 ஆண்டுகள். ஆனால் பெயர் இழந்தபின்னும் அந்தப் பெண்ணை அவர் "நங்கை" என்று சொல்கிறார். அதுவும் அங்கேதான் முதல்முறையாக. பெயர் போய்விட்டது, ஆள் போகவில்லை.

அளவுக்கு மீறும் இடம்

இப்படிப் படிக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தத்துவத்தை ஒட்டவைப்பது. அன்னை என்றால் இது, அத்தன் என்றால் அது என்று பட்டியல் போட ஆரம்பித்தால் பாட்டு குறுக்கெழுத்துப் புதிர் ஆகிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் சொல்லும் உட்பொருளுக்குப் பாட்டிலேயே வேறொரு சொல் சாட்சி சொல்லணும். நாமம் கெடுவதற்கு முதல் அடியின் நாமம் சாட்சி. பெற்றோருக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. எனவே அவர்கள் பெற்றோர் மட்டுமே, அவளை வளர்த்தவர்கள், அன்றிரவு அழுதவர்கள்.

கவிஞரின் வாழ்க்கையைப் போட்டுப் படிப்பது இன்னொரு வழி. அதுவும் பொருந்தாது. அப்பர் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் என்கிறது பெரியபுராணம், அக்கா திலகவதியார்தான் துணை. அவர் அன்னையையும் அத்தனையும் விட்டுப் போன கதை இல்லை. ஆக இது சுயசரிதை அல்ல. அகம் என்ற வடிவத்தைத் தெரிந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் எல்லைக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். ஓசூரில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் கன்னட நண்பரிடம் இந்தப் பாட்டைச் சொன்னேன். "நம்ம அக்கா மாதிரி இருக்கு சார்" என்றார். 12ஆம் நூற்றாண்டின் அக்க மகாதேவியைச் சொல்கிறார். சென்னமல்லிகார்ஜுனனே தன் கணவன் என்று வசனங்கள் பாடி, வீட்டையும் உடையையும் விட்டு ஸ்ரீசைலம் போனவர். கதை ஒன்றுதான். ஆனால் அக்கா "நான்" என்று பாடுகிறார், சொல்பவளே போனவள். அப்பர் பாட்டில் போனவள் பேசுவதே இல்லை, பின்னால் நிற்பவர்கள்தான் பேசுகிறார்கள். "அப்ப அவளுக்கு என்ன கிடைச்சுதுன்னு வீட்டுல இருக்கறவங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அவள் தலைவனைச் சேர்ந்துவிட்டாள் என்று வீட்டில் இருப்பவர் சொன்னால், அவர் அவளை நம்புகிறார் என்று அர்த்தம்.

அதனால்தான் மேல் அடுக்கை உரித்துப் போட்டுவிட்டு "இதெல்லாம் உருவகம், ஜீவாத்மா பரமாத்மா" என்று முடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பெண் தன் மனசுக்குப் பிடித்தவனுக்காக வீட்டை விட்டுப் போனால் என்னவெல்லாம் நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. பேர் கெடுவது இங்கே இன்றைக்கும் சின்ன விஷயம் இல்லை. அந்த விலை உண்மையாக இருப்பதால்தான் கீழ் அடுக்குக்குக் கனம் வருகிறது. இறைவனை நாடுவது இவ்வளவு செலவுள்ள காரியம் என்று சொல்ல அப்பருக்கு வேறு உதாரணம் கிடைக்காமல் இல்லை. கேட்பவர்கள் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும் ஒன்றை எடுத்தார். அதைச் சொல்லும்போது அவளைத் திட்டும் ஒரு சொல்கூட அவர் போடவில்லை.