கேட்டதும் மனதில் நிற்கும் எண்

பண்பலை வானொலி விளம்பரத்தில் கடையின் தொலைபேசி எண்ணை ஒரு முறையோ இரண்டு முறையோதான் சொல்வார்கள். கேட்பவர் கையில் பேனா இருக்காது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் அடுப்படியில் நிற்பார். ஆட்டோவின் முதுகில் எழுதிய எண்ணுக்கும் இதே நிலைமைதான். சிக்னல் விழுந்ததும் ஆட்டோ போய்விடும். எண்ணைக் கைபேசியில் பதிந்து வைக்கும் இந்தக் காலத்தில் யார் மனப்பாடம் செய்கிறார்கள் என்று கேட்கலாம். நாம் பதிந்து வைப்பது ஏற்கெனவே பழக்கமானவர்களின் எண்களைத்தான். கடைக்குத் தேவைப்படுவது இன்னும் பதிந்துகொள்ளாத புது வாடிக்கையாளர். அவருக்கு எண்ணைக் கேட்ட இடத்துக்கும் அழைக்கும் நேரத்துக்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டுகிற எண்ணுக்குத்தான் நிறுவனங்கள் பணம் கொடுக்கின்றன.

அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரை ஒன்று புகழ்பெற்றது. மனிதர் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக் கூடியது ஏறத்தாழ ஏழு துண்டுகள் என்றார் அவர். பின்னால் 2001-இல் நெல்சன் கவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். இதில் கவனிக்க வேண்டியது ஏழா நான்கா என்பதைவிட, துண்டு என்றால் என்ன என்பதுதான். ஒரு துண்டு என்பது ஒரு இலக்கமாக இருக்க வேண்டியதில்லை. முன்பே தெரிந்த எதுவும் ஒரு துண்டு.

பாரத ஸ்டேட் வங்கியின் உதவி எண்களையே பாருங்கள். முன்பு 1800 425 3800 என்று இருந்தது. 1800 என்பது நம் எல்லோருக்கும் பழகியது, அது ஒரு துண்டு. 425, 3800 இரண்டுக்கும் நம் மனதில் எந்தப் பிடியும் இல்லை, ஒவ்வொரு இலக்கமாகத்தான் தூக்க வேண்டும். பிறகு 1800 1234 வந்தது. மூன்று இலக்கம் குறைந்ததைவிட, மொத்த எண்ணும் இரண்டே துண்டாகிவிட்டதுதான் பெரிய மாற்றம். இணையத்தில் வங்கியின் எண் என்று போலி எண்களைப் போட்டு ஏமாற்றும் கூட்டம் இருக்கும்போது, தேடாமலே மனதில் இருக்கும் எண் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பும்கூட. ஆனால் இதிலும் ஒரு எல்லை உண்டு. ஐசிஐசிஐ வங்கி 1800 1080 என்றும் பஞ்சாப் நேஷனல் வங்கி 1800 1800 என்றும் வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாக எளிது. எல்லாம் ஒரே வார்ப்பில் வந்தால், எந்த எண் எந்த வங்கிக்கு என்பது குழம்பத் தொடங்கும்.

அமெரிக்கர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். தொலைபேசிப் பொத்தான்களில் 2-க்குக் கீழே ABC, 3-க்குக் கீழே DEF என்று எழுத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணுக்குப் பதிலாக ஒரு சொல்லையே விளம்பரம் செய்தால், வாடிக்கையாளர் எழுத்துக்கு எழுத்து பொத்தானைத் தட்டிக்கொள்வார். ஜிம் மெக்கேன் என்ற நியூயார்க் பூக்கடைக்காரர் 1-800-FLOWERS என்ற எண்ணை அதை வைத்திருந்த நிறுவனத்தோடு சேர்த்து வாங்கி, அதையே தன் நிறுவனத்தின் பெயராக்கினார். அந்தச் சொல்லை எண்ணாகத் தட்டினால் 356 9377. இந்த ஏழு இலக்கத்தை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பூ வேண்டும் என்ற நினைப்பே எண்ணைக் கொண்டுவந்துவிடும். வாடிக்கையாளர் தேடும் பொருளோடு எண் ஒட்டிக்கொள்வதுதான் இதன் பலம்.

சொல் நினைவில் இருந்தாலும் அதைத் தட்டும் விரல் தவறலாம். 1990-களில் ஏடி அண்ட் டி நிறுவனம், பெறுபவர் கட்டணம் கட்டும் அழைப்புகளுக்காக 1-800-OPERATOR என்ற எண்ணை விளம்பரம் செய்தது. கடைசி எழுத்துகளை ER என்று தட்டியவர்கள் ஏராளம். அந்த எண்ணைப் போட்டி நிறுவனமான எம்சிஐ வைத்திருந்தது. முதல் நிறுவனத்தின் விளம்பரச் செலவில் இரண்டாவது நிறுவனத்துக்கு அழைப்புகள் போயின. ஏடி அண்ட் டி கடைசியில் 1-800-CALL-ATT என்று எண்ணையே மாற்றிக்கொண்டது.

ஹாலிடே இன் ஓட்டல் நிறுவனத்தின் கதை இன்னும் கூர்மையானது. அதன் முன்பதிவு எண் 1-800-HOLIDAY, அதாவது 465 4329. இரண்டாவது எழுத்தான O இருப்பது 6-ஆம் பொத்தானில். ஆனால் பார்வைக்கு அது பூஜ்யம்போலவே இருப்பதால் பலர் 0-வைத் தட்டினார்கள். அப்படித் தட்டினால் போகும் 405 4329 என்ற எண்ணை வேறொரு முன்பதிவு முகமை எடுத்துவைத்துக்கொண்டது. தவறி வந்தவர்களிடம், நீங்கள் அழைத்தது ஹாலிடே இன் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அறை பதிவு செய்து தந்து தரகு பெற்றது. வழக்கு 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. குழப்பத்தை அந்த முகமை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான் என்று சொல்லி, தீர்ப்பு ஹாலிடே இன் நிறுவனத்துக்கு எதிராக வந்தது. எண்ணை வாங்குபவர், அதைத் தவறாகத் தட்டினால் எங்கே போகும் என்பதையும் பார்த்தாக வேண்டும். முடிந்தால் அந்த எண்ணையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

நம் ஊரில் இந்தச் சொல் எண் வேரூன்றவில்லை. பொத்தான்களில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். கடைப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், 'முருகன்' என்பதில் ஒரு U போடுவதா இரண்டு போடுவதா என்பதிலேயே எண் மாறிவிடும். அதனால் இங்கே எல்லாம் இலக்க அடுக்குதான். பேச்சில் அதற்கு ஃபேன்சி நம்பர் என்று பெயர். பிஎஸ்என்எல் இத்தகைய எண்களை இணையத்தில் ஏலம் விடுகிறது, தனியார் நிறுவனங்கள் தரம் பிரித்து விலை வைக்கின்றன.

இந்த விலைப்பட்டியலில்தான் எனக்கு ஒரு முரண்பாடு தெரிகிறது. ஒரே இலக்கம் எத்தனை முறை திரும்ப வருகிறதோ அந்த அளவுக்கு விலை ஏறுகிறது. கண்ணுக்கு அது அழகுதான், காதுக்கு அப்படி இல்லை. எண்ணின் நடுவில் ஐந்து எட்டுகள் வரிசையாக வந்தால், கேட்டவருக்கு 'நிறைய எட்டு' என்பது நினைவிருக்கும், நான்கா ஐந்தா என்பது இருக்காது. எண் முழுவதும் ஒரே இலக்கமானால் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. வி.எஸ்.எஸ். மணி 1996-இல் மும்பையில் ஜஸ்ட் டயல் நிறுவனத்தைத் தொடங்கியபோது 888 8888 என்ற எண்ணைப் பெற்றார். பின்னால் அது நாடு முழுவதற்குமாக 88888 88888 ஆனது. அங்கே எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை, இணைப்பு கிடைக்கும்வரை எட்டைத் தட்டினால் போதும். அப்படிப்பட்ட எண் எல்லோருக்கும் கிடைக்காது. பாதி அடுக்குக்கு அதே மதிப்பு இருப்பதாக நினைத்துப் பணம் கொடுப்பதுதான் தவறு.

மதுரையில் ஒரு சமையல் கான்ட்ராக்டர் எண் வாங்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து இலக்கத்தில் முதல் ஐந்து பெரும்பாலும் நிறுவனத்தின் வரிசைப்படிதான் வரும். அதிலும் பழகிய தொடக்கம் கிடைத்தால் நல்லது. சென்னைக்காரர்கள் 98400, 94440 போன்றவற்றை ஒரே துண்டாகவே கேட்டுப் பழகியவர்கள். கடைசி ஐந்தில்தான் தேர்வு. கடையில் அவருக்கு நான்கு காட்டுகிறார்கள்: 44474, 95559, 34567, 20200.

44474 பலகையில் கம்பீரமாக இருக்கும். ஆனால் மறுநாள் ஒருவருக்கு நினைவிருப்பது 'நாலுகளுக்கு நடுவே ஒரு ஏழு' என்பது மட்டும்தான். ஏழு இரண்டாவது இடத்திலா நான்காவது இடத்திலா என்பது போய்விடும். 95559 முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுதான். ஆனால் நாம் தொலைபேசி எண்ணைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறோம், ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். விமானிகள் ஒன்பதை 'நைனர்' என்று நீட்டிச் சொல்வதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரம் ஒலிக்க யாரோ கேட்டுக் குறித்துக்கொள்ளும் எண்ணுக்கு இது ஆகாது. 34567 ஒரே துண்டு, சந்தேகமில்லை. ஆனால் வரிசை நினைவிருக்கும், அது எதில் தொடங்கியது என்பது நழுவும். 12345, 23456 என்று அக்கம்பக்கத்து எண்களுக்கு அழைப்புகள் போகும்.

மிஞ்சியது 20200. ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னால் இது சுமாரான எண்தான். 'இருபது இருநூறு' என்று தமிழில் சொல்லுங்கள். இரண்டு துண்டு, இரண்டும் மோனையோடு தொடங்குகின்றன, ஒன்று இன்னொன்றின் பத்து மடங்கு. யாராவது அதை 'இருபதாயிரத்து இருநூறு' என்று நினைவில் வைத்தாலும் எழுதும்போது அதே ஐந்து இலக்கம்தான் வரும். ஆங்கிலத்தில் 'ட்வென்ட்டி டூ ஹண்ட்ரட்' என்றால் 2200 என்று கேட்கலாம். அப்போதும் ஒரு இலக்கம் குறைவதால் அழைப்பு இன்னொருவருக்குப் போகாது, அழைப்பவரே தவறை உணர்ந்து திரும்பக் கேட்பார். நான்கில் விலை குறைவானதாகவும் இதுவே இருக்கலாம். நான் அவரிடத்தில் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

எடுத்தபின் எண்ணை எங்கே எழுதினாலும் ஒரே மாதிரி பிரித்து எழுத வேண்டும். பலகையில் 5-5 என்றும் பில்லில் 3-3-4 என்றும் இருந்தால், ஒரே எண் இரண்டு எண்களாக மனதில் பதியும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனையும் செய்யலாம். எண்ணைத் தெரியாத ஒருவருக்குத் தொலைபேசியில் ஒரு முறை மட்டும் சொல்லுங்கள். அரை மணி நேரம் வேறு வேலை பார்க்கவிட்டு, பிறகு எழுதச் சொல்லுங்கள். சிலரிடம் செய்து பார்த்தால், தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுவது தெரியும். அந்த இடம்தான் எண்ணின் பலவீனம்.

கூட்டுத்தொகை பார்த்து எண் எடுக்கும் வழக்கம் நம் வணிகர்களிடம் பரவலாக இருக்கிறது. பார்ப்பவர்கள், காதுக்கு எளிதான எண்களை முதலில் ஒதுக்கிக்கொண்டு அவற்றுக்குள் கூட்டிப் பார்ப்பது நல்லது. வரிசையை மாற்றினால் கூட்டுத்தொகை மட்டும் பொருந்தி, யாருக்கும் நினைவில் நிற்காத எண்தான் கிடைக்கும். முன்பு யாராவது வைத்திருந்த எண்ணா என்பதையும் கேளுங்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குத் தரப்படலாம், பழைய உரிமையாளரைத் தேடும் அழைப்புகள் அதன்பிறகும் வந்துகொண்டே இருக்கும்.

எண் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். 2011 முதல் எண்ணை மாற்றாமலே சேவை நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் இருப்பதால், சேவை பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணை இழக்க வேண்டியதில்லை. மேலாளர் பெயரில் சிம் வாங்கியிருந்தால் மட்டும், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில், பலகையிலும் பில்லிலும் வண்டியிலும் எழுதிய எண் சட்டப்படி அவருடையதாக இருக்கும்.