திங்கள் வைத்தால் திங்கள் பொரிக்கும்

கோழியை அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறு நடப்பது எண்ணுவதில்தான். முட்டை வைத்த நாளையே முதல் நாளாக எண்ணிவிடுகிறோம். கருவுக்கு வேண்டியதோ முழுதாக 21 பகலும் இரவும். 24 மணி நேரம் சூடு பட்ட பிறகுதான் ஒரு நாள் கணக்கில் சேரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு ஒரு நாட்டுக்கோழிக்குப் பன்னிரண்டு முட்டை வைக்கிறோம். மறுநாள் மாலை 6 மணிக்கு ஒரு நாள் முடிகிறது. அப்படியே போனால் 21 நாள் நிறைவது ஜனவரி 26 மாலை, அதுவும் திங்கட்கிழமைதான். மூன்று வாரம் என்பதால் வைத்த கிழமையிலேயே பொரிக்கும். நினைவில் வைக்க இதைவிட எளிய வழி இல்லை. வைத்த நாளையும் சேர்த்து எண்ணியவர் ஞாயிற்றுக்கிழமையே கூட்டைக் கிளற ஆரம்பித்துவிடுவார்.

கோழி பல நாளாக ஒவ்வொன்றாக இட்ட முட்டைகள் ஒரே நாளில் எப்படிப் பொரிக்கின்றன? குளிர்ச்சியில் கரு வளராமல் உறங்கிக் கிடக்கும். கோழி உட்கார்ந்து சூடு ஏறியதும் எல்லாக் கருவும் ஒன்றாக விழிக்கும். அதனால்தான் சேர்த்து வைக்கும் முட்டையை வெயில் படாத, குளிர்ந்த மூலையில் வைக்கிறோம். ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டை வேண்டாம். அடையில் இருக்கும்போது வேறு பெட்டை வந்து அதே கூட்டில் இட்டுவிட்டுப் போவதும் உண்டு. வைத்த அன்றே முட்டைகளில் கரிக்கோடு போட்டுவிட்டால், கோடில்லாததை எடுத்துவிடலாம்.

முதல் சோதனை ஏழாம் நாள் இரவு, அதாவது 12-ஆம் தேதி. விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் சிவந்த நரம்புகளும் நடுவில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால் கரு உயிரோடிருக்கிறது. நரம்பே இல்லாமல் உள்ளே வெளிச்சம் பளிச்சென்று பரவினால் கூமுட்டை. சேவல் சேராத முட்டையாக இருக்கலாம், தொடக்கத்திலேயே கரு நின்றதாகவும் இருக்கலாம். நரம்பு இல்லாமல் ரத்தம் ஒரு வளையமாகச் சுற்றி நின்றால், சில நாள் வளர்ந்து இறந்த கரு. நம் பன்னிரண்டில் இரண்டு கூமுட்டை, ஒன்று ரத்த வளையம் என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் ஒன்பது. எடுத்தவற்றை விட்டுவைத்தால் அழுகி வெடித்து நல்ல முட்டைகளையும் கெடுக்கும். சந்தேகமாக இருப்பதை மட்டும் இன்னும் சில நாள் விட்டுப் பார்க்கலாம்.

14-ஆம் நாள், 19-ஆம் தேதி, மறுபடி பாருங்கள். இப்போது முட்டையின் பெரும்பகுதி இருண்டிருக்கும். அகன்ற முனையில் காற்றறை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். இருட்டுக்குள் ஓர் அசைவு தெரிந்தால் நல்லது. உள்ளே நீர் போலக் கலங்கி ஆடுவது செத்தது. அதை எடுத்துவிட்டால் எட்டு.

18-ஆம் நாளிலிருந்து, 23-ஆம் தேதி வெள்ளி மாலையிலிருந்து, முட்டையைத் தொட வேண்டாம். குஞ்சு காற்றறைப் பக்கம் தலையைத் திருப்பிக்கொள்ளும் நேரம் இது. இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் அன்றோடு முட்டையைப் புரட்டுவதை நிறுத்தி, உள்ளே நீர்த்தட்டைக் கூட்டி ஈரத்தை ஏற்ற வேண்டும். ஈரம் குறைந்தால் ஓட்டின் உட்தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி நாட்களில் முட்டையை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, ஆடுகிறதா என்று பார்க்கிற பழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். ஓட்டில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் குஞ்சு மூழ்கிச் சாகும்.

20-ஆம் நாள் குஞ்சு காற்றறையைக் கிழித்து முதல் மூச்சு விடும். காதருகே வைத்தால் கீச்சென்று கேட்கும். பிறகு அலகு நுனியிலுள்ள சிறு முள்ளால் ஓட்டில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு, மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். பொறுமையில்லாதவர்கள் ஓட்டை உரித்து உதவி செய்யப் போவது இங்கேதான். ஓட்டின் உட்புற நரம்புகளில் அப்போது இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது. உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும். ஓட்டை போட்டதிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு.

சூடு சற்றுக் கூடியிருந்தால் ஞாயிறே பொரிக்கும். குறைந்திருந்தால், அல்லது கோழி அடிக்கடி எழுந்து போயிருந்தால், செவ்வாய், புதன் வரை இழுக்கும். ஆகவே 26-ஆம் தேதி மாலை ஏழு குஞ்சு வந்து ஒரு முட்டை மிச்சமிருந்தால், 28 மாலை வரை விட்டுவையுங்கள். முதலில் வந்தவை பட்டினி கிடக்குமே என்று கவலை வேண்டாம். வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு அவற்றுக்கு இரண்டு நாள் தாங்கும்.