திரையிலேயே திருத்தி, கையெழுத்தும் போடலாம்

பெயின்டிங் வேலைக்கான விலைப்பட்டியல் ஐபேடுக்கு வருகிறது. மூன்றாவது வரியில் தொகை தவறு. அச்செடுத்துத் திருத்தி, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. ஆப்பிள் பென்சிலின் முனையைத் திரையின் கீழ் இடது மூலையில் வைத்து உள்நோக்கி இழுத்தால் போதும்; ஸ்கிரீன்ஷாட் பதிவாகி, எழுதத் தயாராகத் திறக்கும்.

பேனாவைத் தேர்ந்தெடுத்து, தவறான தொகையைச் சுற்றி வட்டம் போடலாம். வட்டம் முடியும் இடத்தில் முனையைத் தூக்காமல் ஒரு நொடி நிறுத்தினால், கோணல்மாணல் கோடு ஒழுங்கான வட்டமாக மாறிவிடும். பக்கத்தில் சரியான தொகையை எழுதிவிடலாம்.

கையெழுத்துக்கு, கருவிப்பட்டையில் உள்ள + குறியைத் தொட்டு Add Signature என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். தனிப் பெட்டியில் பெரிதாகவே போடலாம். பிறகு மூலையைப் பிடித்துச் சுருக்கி, உரிய இடத்துக்கு நகர்த்தலாம். அது சேமிக்கப்பட்டு அடுத்த முறையும் கைகொடுக்கும். பூட்டாத ஐபேடு பிறர் கைக்குப் போனால் அவர்களுக்கும் கைகொடுக்கும் என்பதுதான் சிக்கல்.

வங்கிக் கணக்கு எண்ணை மறைக்க ஹைலைட்டரை நம்பக் கூடாது. அதன் மை ஒளி ஊடுருவக்கூடியது. கறுப்பாகத் தெரிந்தாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் எட்டிப்பார்க்கும். அந்தப் பகுதியை வெட்டிவிடுவதே நல்லது.

இப்படி வரைந்த கையொப்பம் வெறும் படம்தான். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் கேட்கும் ஆவணங்களுக்கு இது செல்லாது.