ஸ்டாப் லாஸ் போட்டும் பங்கு விற்கவில்லை, ஏன்?

பங்கு வாங்கும்போதே இரண்டு விலைகளைக் குறித்துவிடும் வசதி இன்று பெரும்பாலான புரோக்கர் செயலிகளில் இருக்கிறது. ஒன்று டார்கெட், அதாவது லாபத்தோடு விற்க வேண்டிய விலை. மற்றொன்று ஸ்டாப் லாஸ், நட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டிய விலை. வாங்கும் ஆர்டரோடு இந்த இரண்டையும் சேர்த்தே அனுப்பினால் அது பிராக்கெட் ஆர்டர். இரண்டில் ஒன்று நடந்ததும் மற்றது தானாக ரத்தாகும் ஏற்பாட்டுக்கு ஓசிஓ என்று பெயர்.

அந்த 'தானாக' என்பது எங்கே நடக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தேசியப் பங்குச் சந்தைக்கு உங்கள் டார்கெட்டும் ஸ்டாப் லாஸும் தொடர்பில்லாத இரண்டு விற்பனை ஆர்டர்கள். ஒன்று முடிந்தால் மற்றதை ரத்து செய்வது புரோக்கரின் கணினி. வேகமாக ஆடும் சந்தையில் இந்தப் பொறுப்பு எவ்வளவு கடினம் என்பது புரோக்கர்களுக்கே தெரியும். ஜெரோதா 2020இல் பிராக்கெட் ஆர்டரை நிறுத்தியது. அங்கே இன்று ஓசிஓ என்பது ஜிடிடி வசதியின் ஒரு வகையாக இருக்கிறது.

ஜிடிடியில் நீங்கள் குறித்த விலைகள் புரோக்கரிடமே காத்திருக்கும். பங்கின் விலை அதைத் தொட்ட பிறகுதான் ஆர்டர் சந்தைக்குப் போகும். ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான்.

ஓர் உதாரணம். 500 ரூபாய்க்கு 100 பங்குகள் வாங்குகிறீர்கள். டார்கெட் 530. ஸ்டாப் லாஸுக்கு ட்ரிகர் விலை 480, விற்கும் லிமிட் விலை 478. அதிகபட்ச நட்டம் 2,200 ரூபாய் என்று கணக்குப் போட்டாயிற்று. மாலையில் நிறுவனத்தின் காலாண்டு முடிவு மோசமாக வருகிறது. மறுநாள் காலை பங்கு 465இல் திறக்கிறது. 480க்குக் கீழே வந்துவிட்டதால் ட்ரிகர் வேலை செய்கிறது, 478க்கு விற்பனை ஆர்டர் போகிறது, டார்கெட் ரத்தாகிறது. ஆனால் வாங்குவோர் 465தான் தருகிறார்கள். 478க்கு யாரும் வாங்கவில்லை. மதியம் விலை 450. செயலியில் ஜிடிடி `TRIGGERED` என்று காட்டுகிறது. பலரும் விற்றுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆர்டர் புக்கில் அதே ஆர்டர் `OPEN` என்று நிற்கிறது. பங்கு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது, நட்டம் 5,000.

லிமிட் விலையை 460 என்று வைத்திருந்தால்? 460க்குத்தான் விற்கும் என்ற பயத்தில் பலர் ட்ரிகரை ஒட்டியே லிமிட்டை வைக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. விற்பனையில் லிமிட் என்பது 'இதற்குக் கீழே வேண்டாம்' என்ற வரம்பு மட்டுமே. 465க்கு வாங்க ஆள் இருந்தால் 465க்கே விற்கும். நட்டம் 3,500இல் நின்றிருக்கும். ஆகவே வேகமாக விழக்கூடிய பங்குக்கு இடைவெளியைத் தாராளமாக விடுவதே சரி. ஆனால் பங்கு லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால், வாங்குவோரே இல்லாதபோது, எந்த லிமிட்டும் உதவாது.

டீமேட்டில் இருக்கும் பங்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விற்பனைக்கான டிபின் அனுமதியோ, நிரந்தர அனுமதியான டிடிபிஐயோ தராதவர்களின் ஆர்டர், ட்ரிகர் ஆன பிறகு `REJECTED` ஆகிவிடலாம். அப்போது இரண்டு காலும் போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறான கோளாறு இன்ட்ராடேயில் வரும். அங்கே இரண்டு விற்பனை ஆர்டர்களும் சந்தையிலேயே காத்திருக்கலாம். டார்கெட் 530இல் விற்றுவிடுகிறது. இணைப்புக் கோளாறால் ரத்துச் செய்தி போகவில்லை. பிற்பகலில் விலை 480க்கு இறங்க, ஸ்டாப் லாஸும் இன்னொரு 100 பங்கை விற்கிறது. இப்போது பொசிஷனில் -100 என்று தெரியும். கையில் இல்லாத பங்கை விற்றிருக்கிறீர்கள். அன்றே திரும்ப வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பங்கைத் தர முடியாமல் ஏலத்துக்குப் போகும், அங்கே என்ன விலை வருமோ அதைக் கட்ட வேண்டும்.

எனவே கோளாறு என்று சந்தேகம் வந்தால் அவசரத்தில் புதிதாக ஒரு விற்பனை ஆர்டர் போடாதீர்கள். முதலில் பொசிஷனில் எத்தனை பங்கு நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஆர்டர் புக்கில் காத்திருக்கும் பழைய விற்பனை ஆர்டரைத் திருத்துங்கள், அல்லது ரத்து செய்து `CANCELLED` என்று வந்ததை உறுதிசெய்த பின் புதியதைப் போடுங்கள். ஜிடிடி போட்டவர்கள் காலை 9:15க்குச் சந்தை திறந்ததும் ஒருமுறை ஆர்டர் புக்கைத் திறந்து பாருங்கள். விற்றது என்பதற்கு அங்கே `COMPLETE` என்ற சொல் இருக்க வேண்டும்.