சிவனொளிபாத மலைக்கு ஒரு நடைவழிக் கோப்பு

ஜி.பி.எக்ஸ் என்பது நடைவழியைப் புள்ளிகளின் வரிசையாகச் சேமிக்கும் கோப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் அகலாங்கு, நெட்டாங்கு, மீட்டரில் உயரம் ஆகியவை இருக்கும். இலங்கையின் சிவனொளிபாத மலை உச்சி அதில் இப்படி இருக்கும்:

```
<trkpt lat="6.8096" lon="80.4994">
  <ele>2243</ele>
</trkpt>
```

கோப்பை உருவாக்க, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இயங்கும் வழித்திட்டத் தளம் ஒன்றைத் திறந்து, நடைப்பயண முறையைத் தேர்ந்து, நல்லதண்ணியில் தொடக்கப் புள்ளியையும் உச்சியில் இறுதிப் புள்ளியையும் வைக்க வேண்டும். படிக்கட்டுப் பாதையைத் தளமே தொடர்ந்துகொள்ளும். எங்காவது ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோடு தெரிந்தால் அங்கே வரைபடத்தில் பாதை இல்லை என்று பொருள். இடையில் புள்ளிகள் சேர்த்துத் திருத்த வேண்டும். சேமிக்கும்போது ‘ரூட்’ வேண்டாம், ‘ட்ராக்’ போதும். ரூட்டில் சில திருப்பங்கள் மட்டும் இருந்தால், பெறுபவரின் கருவி இடைவழியைத் தானே கணக்கிட்டு வேறு பக்கம் இழுத்துச் செல்லக்கூடும். ட்ராக் வரைந்தபடியே நிற்கும்.

அடுத்தது உயர வரைபடம். யாத்திரைக் காலத்தில் இந்தப் படிகளில் விளக்கெரியும், வழிதவறுவது அரிது. இங்கே குழுவுக்குத் தேவைப்படுவது திசையைவிட நேரம்தான், அதை இந்த வரைபடமே சொல்கிறது. ஆனால் அதன் செங்குத்து அச்சு திரைக்கு ஏற்ப நீட்டப்படுவதால், கோட்டின் சாய்வைக் கண்ணால் நம்பக் கூடாது; எண்களைப் படிக்க வேண்டும். நல்லதண்ணி சுமார் 1,250 மீட்டர், உச்சி 2,243 மீட்டர். ஆக, ஏற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர். தளம் காட்டும் மொத்த ஏற்றம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு, வழியில் சிறு இறக்கங்கள் உண்டு. 1,600 என்று காட்டினால் தரவில்தான் கோளாறு. பல தளங்கள் 2000ஆம் ஆண்டு எண்டவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த உயரங்களைப் பயன்படுத்துகின்றன. அந்த அளவீட்டில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். கூரான உச்சி அதில் மழுங்கிப்போகும். கோடு சற்று விலகினாலும் பள்ளத்தின் உயரம் பதிவாகி, வரைபடத்தில் ரம்பப் பற்கள் தோன்றும். அப்போது கோட்டைப் பாதையின் மேல் சரியாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

நேரத்துக்கு, 1892இல் நெய்ஸ்மித் வகுத்த பழைய விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. வழி 6 கிலோமீட்டர் என்று கொண்டால் நடைக்கு 1 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம். கிட்டத்தட்ட மூன்று மணி. விதியில் ஓய்வு சேர்க்கப்படவில்லை, கூட்டமும் சேர்க்கப்படவில்லை. ஆறு மணியளவில் சூரியோதயம் பார்க்க, இரவு இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும்.

குழுவுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக இணைக்க வேண்டும். தட்டினால் திறக்காவிட்டால், ஆஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிக்குள் போய் கோப்பை இறக்குமதி செய்யலாம். கோப்பில் கோடு மட்டுமே வரும், பின்னணி வரைபடம் வராது. அதை வைஃபை உள்ள இடத்திலேயே ஒவ்வொருவரும் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். வரைந்த வழிக்குப் பதில் முன்பு நடந்தபோது பதிவான ட்ராக்கை அனுப்பினால், பதிவு வீட்டு வாசலில் தொடங்கியிருக்கிறதா என்று பார்த்து அந்தப் பகுதியை வெட்டிவிடுவது அவசியம்.