காலையில் ஏற்றி, மாலையில் இறக்கும் கருவி

சோலார் நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை மின்மீட்டர் மட்டும் சொல்லிவிடாது. விழுந்த வெயிலில் எவ்வளவு மின்சாரமானது என்று கணக்கிட வேண்டும். அந்த வெயிலை அளப்பது பைரனோமீட்டர். அதன் கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் கறுப்புப் பரப்பு சூடேறும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும், அதுவே அளவு. கருவி வெயிலை 2.5 சதவீதம் குறைத்துக் காட்டினால், செயல்திறன் விகிதம் உண்மையில் 78 ஆக உள்ள நிலையம் ஏட்டில் 80 ஆகிவிடும். பேனல்களின் பழுது அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க, ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்த இன்னொரு பைரனோமீட்டரைப் பக்கத்திலேயே, அதே தளத்தில், நிழல் விழாதபடி பொருத்துவார்கள். மேகமில்லாத நாளில் இரண்டின் அளவையும் நிமிடத்துக்கு நிமிடம் ஒரே பதிவுக்கருவியில் சேமிப்பார்கள். ஒரே பதிவுக்கருவி என்பது முக்கியம். இரண்டு கடிகாரங்களுக்கிடையே ஐந்து நிமிடம் முன்பின் ஆனாலே, கருவி சாய்ந்திருப்பதைப் போன்ற பொய்த்தோற்றம் வந்துவிடும்.

கிடைமட்டமாக வைத்த கருவி ஒன்றை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். முதல் நாள், காலை 9 மணிக்கு அது 0.5 சதவீதம் குறைவு, நண்பகலில் 2.5, மாலை 3 மணிக்கு 4.5. அன்று சூரியன் சாய்ந்த பிறகு குமிழைக் காய்ச்சி வடித்த நீரால் நனைத்து, மென்துணியால் துடைத்தார்கள். உலர்ந்த தூசியை அப்படியே தேய்த்தால் கண்ணாடி கீறும். மறுநாள் எல்லா வேளையிலும் அளவு 1.5 சதவீதம் உயர்ந்தது. தூசியின் அடையாளம் இதுதான்: அது நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் திருடும்.

ஆனால் இப்போது காலையில் 1 சதவீதம் அதிகம், நண்பகலில் 1 குறைவு, மாலையில் 3 குறைவு. இந்தச் சாய்வான வரிசையைத் தூசி உண்டாக்காது. கருவி கிழக்கே ஒரு டிகிரிக்குச் சற்று மேல் சரிந்திருக்கிறது. சூரியன் தாழ்வாக இருக்கையில் சிறு சாய்வும் பெரிய பிழையாகும். உச்சியில் அதே சாய்வு தெரியாது. நண்பகலில் மட்டும் ஒப்பிடுபவர் ஏமாறுவது இங்கேதான். ரசமட்டக் குமிழி வட்டத்தின் நடுவே வரும்வரை அடிக்கால் திருகுகளைச் சரிசெய்தார்கள். நடுவில் நின்றும் இந்த வரிசை மாறாவிட்டால் ரசமட்டத்தையே சந்தேகிக்க வேண்டும். பேனலின் சாய்வில் பொருத்திய கருவிக்கு ரசமட்டம் உதவாது, சாய்வுமானி வேண்டும்.

மூன்றாம் நாள் எல்லா வேளையிலும் ஒரே மாதிரி 1 சதவீதம் குறைவு. கருவியின் உணர்திறன் தேய்ந்திருக்கலாம். உடனே அதன் எண்ணை மாற்றிவிடக் கை துறுதுறுக்கும், மாற்றக் கூடாது. ஒப்பீட்டுக் கருவிக்கே ஒன்றிரண்டு சதவீதம் ஐயப்பாடு உண்டு. வித்தியாசத்தை ஏட்டில் எழுதிவைத்து, அடுத்த ஒப்பீட்டில் அது வளர்ந்திருந்தால் கருவியைக் கழற்றி அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்புவதே முறை.