அதே மாத்திரை, வேறு எண்: ஐ.என்.ஆர். ஏன் ஏறி இறங்குகிறது?

இதயத்தில் செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின், அசினோகூமரால் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் தருகிறார்கள். ஒரு வேளைகூடத் தவறவிடாதவர்களுக்கும் பரிசோதனையில் ஒரு மாதம் 2.9 வரும், அடுத்து 1.8 வரும், அதற்கடுத்து 5.6 வரும். மாத்திரை மாறவில்லை என்றாலும் எண் மாறுகிறது.

அந்த எண்தான் ஐ.என்.ஆர். ஆய்வகத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியோடு ஒரு வினைப்பொருளைச் சேர்த்து, உறைவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். மருந்து எடுக்காதவருக்கு 12 விநாடி, நோயாளிக்கு 30 விநாடி என்றால் விகிதம் 2.5. ஆனால் வினைப்பொருளின் வீரியம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால், முன்பெல்லாம் ஒரே ரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விதமான முடிவு தந்தன. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கழித்து, எங்கே பார்த்தாலும் ஒன்றுபோல் புரியும்படி 1980களில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையே ஐ.என்.ஆர். மருந்து எடுக்காதவருக்கு இது ஏறக்குறைய 1 இருக்கும்.

யாருக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ரத்தம் எங்கே உறையக்கூடும் என்பதைப் பொறுத்தது. காலில் ரத்தக்கட்டி வந்தவருக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்கும் 2 முதல் 3 வரை போதும். மைட்ரல் வால்வை மாற்றியவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வேண்டும். அந்த இடத்தில் ரத்தம் மெதுவாகப் பாய்கிறது, அதற்கு மேலே உள்ள இதய அறையும் பெரும்பாலும் விரிந்திருக்கும். அதனால் கட்டி உருவாக வாய்ப்பு அதிகம். எண் இதற்குக் கீழே போனால் வால்வு அடைபடலாம், பக்கவாதம் வரலாம். 4.5ஐத் தாண்டினால் ரத்தக்கசிவு ஆபத்து வேகமாகக் கூடும்.

மைட்ரல் வால்வை மாற்றிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தினமும் 2 மி.கி. அசினோகூமராலில் அவருக்கு 2.9 நிலையாக இருந்தது. ரத்தசோகை இருக்கிறது என்று தெரிந்ததும் தினமும் முருங்கைக்கீரை சாப்பிடத் தொடங்கினார். மூன்று வாரத்தில் எண் 1.8 ஆகிவிட்டது. ரத்தத்தை உறைய வைக்கும் சில புரதங்களை ஈரல் வைட்டமின் கே-யைக் கொண்டுதான் முழுமையாக்குகிறது. மாத்திரை அந்த வைட்டமின் திரும்பத் திரும்பப் பயன்படுவதைத் தடுக்கிறது. கீரை அதே வைட்டமினைப் புதிதாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 3 மி.கி. என்று அளவைக் கூட்டினார், எண் சரியானது.

அடுத்த மாதம் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. நான்கு நாள் கஞ்சிதான், கீரை அறவே இல்லை. காய்ச்சலில் உறைய வைக்கும் புரதங்கள் வேகமாகச் சிதைந்தன. வயிற்றுப்போக்குக்குத் தந்த மெட்ரோனிடசோல், அசினோகூமராலை ஈரல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தைக் குறைத்தது. மாத்திரை அளவோ கீரை சாப்பிட்ட நாட்களுக்காகக் கூட்டிய அளவு. எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்ததால் எண் 5.6. ரத்தக்கசிவு இல்லாததால் மருத்துவர் ஒரு வேளை மாத்திரையை நிறுத்தி, இரண்டாம் நாள் மறுபடி பார்க்கச் சொன்னார். உறைய வைக்கும் புரதங்களில் சில ரத்தத்தில் இரண்டு மூன்று நாள் தங்கும். அதனால் இன்று செய்யும் மாற்றத்தின் முழுப் பலன் நாளையே தெரியாது. அவசரப்பட்டு மறுநாளும் அளவை மாற்றினால் எண் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

கீரையை ஒதுக்கவும் வேண்டாம். அறவே ஒதுக்கினால் உடலில் வைட்டமின் கே இருப்பு குறையும், பிறகு ஒரு நாள் சாப்பிட்டாலும் எண் ஆடும். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் சாப்பிடுங்கள், மருத்துவர் அதற்கேற்ப மாத்திரையை வைத்துக்கொள்வார். ஆன்டிபயாடிக் தொடங்கினால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு முறையும், முடித்த பிறகு ஒரு முறையும் எண்ணைப் பாருங்கள். அந்த மருந்து நின்றதும் ஏறிய எண் இறங்கும்.

ஐ.என்.ஆர். எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும். எண் 3 என்று சரியாகவே இருக்கும், உள்ளே ரத்தம் கசியும். மலம் தார்போல் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, திடீரென முகம் கோணினாலோ, வழக்கமாகக் கேட்கும் வால்வின் 'டிக்' சத்தம் மங்கி மூச்சு வாங்கினாலோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.